எழும்பூரில் ஆளை அழைத்துவர எந்தப் பக்கம் நிற்பது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கீழ்ப்பாக்கத்துக்காரர்: போன வாரம் மதுரையிலிருந்து பெரியம்மா பாண்டியனில் வந்தார். முழங்கால் வலி, இரண்டு பை. எங்கள் வீட்டுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசல்தான் கிட்டம் என்பதால் காரை அங்கே நிறுத்தியிருந்தேன். வண்டியோ காந்தி இர்வின் சாலைப் பக்கம், 4ஆம் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. படியே ஏறாமல் முன்வாசல் வழியாக வெளியே வந்திருப்பார். என் பக்கம் வருவதென்றால் மேம்பாலம் ஏறி இறங்கணும். "நீ எங்க இருக்கியோ அங்கயே இரு, நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்றார் போனில். கெங்கு ரெட்டி சுரங்கப்பாலம் வழியாகச் சுற்றிப் போய்த்தான் அழைத்து வந்தேன். நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

தி.நகர் மாமா: சுலபம் சார். கோச் நம்பரைக் கேளுங்கள். முன்பெட்டி என்றால் ஒரு வாசல், பின்பெட்டி என்றால் இன்னொரு வாசல்.

வாரம் தவறாத பயணி: கோச்சை வைத்து வாசலைச் சொல்ல முடியாது மாமா. எழும்பூரில் இரண்டு வாசலும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆக, எந்த வாசல் என்பதைத் தீர்மானிப்பது பிளாட்பாரம். இறங்கியதும் எந்த மேம்பாலம் பக்கம் என்று தெரியத்தான் கோச் உதவும். நான் செய்வது இது: வண்டி தாம்பரம் தாண்டியதும் ஆப்பில் பிளாட்பாரம் பார்ப்பேன். அதை அப்படியே நம்ப மாட்டேன், கடைசியில் மாற்றிவிடுவார்கள். மாம்பலத்தில் வண்டி நிற்கும்போது இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பேன். நடக்கச் சிரமப்படுபவர் என்றால் நம் வீட்டுக்கு எந்த வாசல் வசதி என்பதே கணக்கில்லை. அவர் படி ஏறாமல் வரக்கூடிய வாசல்தான். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளேயே போய்விடுவது இன்னும் உத்தமம். மழை நாளில் அந்தச் சுரங்கப்பாலத்தில் தண்ணீர் நிற்கும், அன்றைக்குச் சுற்றி வரலாம் என்று நம்பாதீர்கள்.

அண்ணாநகர் அக்கா: எனக்கும் இதே கதைதான். தம்பி "சென்ட்ரல்ல நிக்கறேன்" என்றான். நான் மெயின் கட்டடத்தில் தேடுகிறேன், அவன் பக்கத்தில் மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் நிற்கிறான்!

கீழ்ப்பாக்கத்துக்காரர்: அக்கா, நான் கேட்டது எழும்பூர். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

வாரம் தவறாத பயணி: இன்னொன்று. "மெட்ரோ பக்கம் வா" என்று சொல்லிவிட்டால் அது காந்தி இர்வின் சாலைப் பக்கம்தான், குழப்பம் குறையும். இப்போது மறுசீரமைப்பு வேலை நடப்பதால் உள்ளே வழியை அடிக்கடி மாற்றுகிறார்கள். சில வண்டிகளைத் தாம்பரத்தோடே நிறுத்திய நாட்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தி.நகர் மாமா: அப்போ தாம்பரத்திலேயே இறங்கச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டதே?

கீழ்ப்பாக்கத்துக்காரர்: அங்கேயும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கம் இருக்கே மாமா. ஜி.எஸ்.டி. சாலை மேற்கே. சரி, எழும்பூரில் லிப்ட் எந்தப் பிளாட்பாரத்தில் இப்போது ஓடுகிறது, யாராவது பார்த்தீர்களா? அடுத்த மாதம் பெரியப்பாவும் வருகிறார்.