பொருள்: விளிம்புக்குக் கீழே விடும் இடத்துக்கு என்ன சொல்?

அன்புடையீர்,

பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பை நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். உருளைக் கலத்தின் விட்டம் காணும் பாடத்தில் நின்றுவிட்டேன். கலத்தின் உயரம் 40 செ.மீ.; 50 லிட்டர் கொள்ள வேண்டும்; மேலே 5 செ.மீ. நிரப்பாமல் விட வேண்டும். அந்த 5 செ.மீ.தான் ‘ஃப்ரீபோர்டு’. ‘வெற்றிடம்’ என்று எழுதினால், காற்றே இல்லாத இடம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் தாருங்கள்.
– ம.

க.வே. எழுதியது:
கணக்கு பிசகுவதே இந்த இடத்தில்தான். 50,000 கன செ.மீ.யை 40ஆல் வகுப்பவருக்கு விட்டம் 39.9 செ.மீ. என்று வரும். அந்தக் கலத்தில் 50 லிட்டரும் விளிம்பைத் தொட்டு நிற்கும், நகர்த்தினால் சிந்தும். 35ஆல் வகுத்து, வரும் பரப்பை 0.7854ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 42.65 கிடைக்கும். என் பரிந்துரை ‘விடுவெளி’. விட்ட, விடுகின்ற, விடும் வெளி, நல்ல வினைத்தொகை.

செ. எழுதியது:
‘தளும்பிடம்’ என்போம். எதற்காக விடுகிறோம் என்பதைச் சொல்லே சொல்லிவிடும். தளும்பு, ததும்பு, துளும்பு மூன்றும் நீரின் அசைவைக் காட்டும் சொற்கள்; அவற்றில் ஒன்றையாவது அறிவியலுக்குக் கொண்டுவர வேண்டும்.

ப. எழுதியது:
நிறைகுடம் தளும்பாது என்று படித்த மாணவன் குழம்புவான். எல்லோரும் சொல்லும் ஃப்ரீபோர்டையே வைத்துக்கொள்ளலாம். கணக்கும் எளிது: உயரத்தில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது, விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

க.வே. எழுதியது:
கூட்ட வேண்டும் என்பது சரி, அளவுதான் தவறு. உங்கள் வழியில் விட்டம் 44.9 ஆகும், அதே 35 செ.மீ.யில் 55 லிட்டருக்கு மேல் பிடிக்கும். பரப்பில் விட்டம் தன்னோடு தானே பெருகுவதால், ஏறக்குறைய பாதி கூட்டினாலே போதும்.

து. எழுதியது:
நான் தகடு வேலை செய்கிறவன். நீங்கள் தேடும் சொல் ‘உள்விட்டம்’தானே? 3 மி.மீ. தகட்டில் 42.65ஐ வெளி அளவாக வைத்து ஒருமுறை வெட்டிவிட்டேன். உள்ளே 42.05தான் மிஞ்சியது, 35 செ.மீ.க்கு ஊற்றியபோது 48.6 லிட்டரோடு நின்றுவிட்டது. முழுக் கலமும் வீண்.

ம. எழுதியது:
கேட்ட சொல் அதுவன்று. ஆனால் பாடத்தில் ‘விட்டம்’ என்றிருந்த இடமெல்லாம் ‘உள்விட்டம்’ என்று மாற்றிவிட்டேன். நன்றி. மற்றதற்கு மூவர் தனிமடலில் ‘விடுவெளி’ என்கிறார்கள். அதையே எழுதி, முதல் முறை வரும்போது படத்தில் அம்புக்குறி இட்டுக் காட்டுகிறேன்.

செ. எழுதியது:
இரண்டு தகடுகளுக்கு நடுவே விடுவதும் விடுவெளிதான். அதற்கு அடுத்த பாடத்தில் என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.