சீனத்தில் கடைசியில் ஒரு 了 கூடினால் இருமல் நின்றுவிட்டதா, இன்னும் இருக்கிறதா?

மூன்றாமாண்டு மாணவி:

வணக்கம். சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். அடுத்த பருவத்திலிருந்து வார்டில் நோயாளிகளிடம் சீன மொழியிலேயே விவரம் கேட்க வேண்டும். அதற்குக் கொடுத்த பயிற்சித் தாளில் இந்த இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன:

```
他咳嗽了三天。
他咳嗽了三天了。
```

முதல் வரியை "தா கஸோ ல ஸான் தியென்" என்று படிக்கலாம். "அவர், இருமு, 了, மூன்று நாள்" என்ற வரிசை. இரண்டாவதில் கடைசியில் இன்னொரு "ல" இருக்கிறது, வேறு வித்தியாசமே இல்லை. கீழே கேள்வி: "இவருக்கு இப்போது இருமல் இருக்கிறதா?" முதல் வரிக்கு விடை "இல்லை". இரண்டாவதற்கு "இருக்கிறது".

சீனத்தில் வினைச்சொல் உருமாறாது, செயல் முடிந்ததைக் காட்ட 了 போட வேண்டும் என்றுதான் முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு 了 போட்டால் முடிந்துவிட்டது என்றால், இரண்டு போட்ட பிறகு அது எப்படித் திரும்ப நடக்க ஆரம்பிக்கும்? நடந்துகொண்டிருப்பதற்குத்தான் 在 இருக்கிறதே, 他在咳嗽 என்று எழுதினால் போதாதா? விடைத்தாளில் பிழையா, எனக்குப் புரியவில்லையா?

தென்றல்பாதை:

மூன்று நாளைக்கு மேல் இருமல் என்றால் கஷாயம் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டில் தனியாக வேறு இருக்கிறீர்கள்.

மூன்றாமாண்டு மாணவி:

ஐயோ, இருமல் எனக்கில்லை, பயிற்சித் தாளில் இருப்பவருக்கு. அக்கறைக்கு நன்றி.

மாடிப்படி:

நான் மூன்றாம் நிலைத் தேர்வு வரை எழுதியிருக்கிறேன். இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 了 என்றால் இறந்தகாலம். "இல்லை" என்று மறுக்கும் 没 வந்தால் 了-வை எடுத்துவிட வேண்டும். நடந்துகொண்டிருந்தால் 在 அல்லது 着, இரண்டுமே நம்முடைய "கொண்டிரு" தான். இந்த மூன்றையும் வைத்தே தேர்வில் தேறிவிட்டேன். கடைசி 了 பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்வது. விடைத்தாளில் அச்சுப்பிழையாகத்தான் இருக்கும்.

ஈப்போக்காரன்:

அச்சுப்பிழை இல்லை. எங்கள் ஊரில் கான்டனீஸ் புழக்கம் அதிகம். அதில் இந்த இரண்டு 了-வுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. வினையை ஒட்டி வருவது 咗, "ஸோ" என்போம். வாக்கியத்தின் கடைசியில் வருவது 喇, "லா". "咳咗三日" என்றால் மூன்று நாள் இருமினான், கதை முடிந்தது. "咳咗三日喇" என்றால் மூன்று நாளாகிவிட்டது, இன்னும் விடவில்லை. நீங்கள் படிக்கும் மாண்டரினில் இரண்டுக்கும் ஒரே ஓசை, ஒரே எழுத்து. அதனால்தான் படிப்பவர்களுக்குத் தலைவலி.

இன்னொன்று, எங்கள் பக்கத்து மாண்டரினில் "மருந்து சாப்பிட்டீர்களா" என்பதற்கு 有吃药吗 என்று 有 போட்டுக் கேட்போம். 了 தொல்லையே இல்லை. நீங்களும் முயன்று பாருங்கள்!

பேர்ல் நதிக்கரை:

குவாங்சௌவில் வணிக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஈப்போக்காரர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சீன இலக்கணக்காரர்களே இவற்றை "முதலாம் 了", "இரண்டாம் 了" என்று எண் போட்டுப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் தங்கச்சி, 有 போட்டுக் கேட்கும் பழக்கத்தைத் தேர்வுக்குக் கொண்டுபோகாதே. தெற்கிலும் தைவானிலும் மலேசியாவிலும் சகஜம், வடக்கில் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள், தாள் திருத்துகிறவர் மட்டும் ஏற்கமாட்டார்.

உன் இரண்டு வரிகளுக்கு வருவோம். 咳嗽-வை ஒட்டிய முதல் 了 வினையைச் சேர்ந்தது. மூன்று நாள் இருமலை ஒரு துண்டாக வெட்டி வைக்கிறது, அதற்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. கடைசி 了 வினையைத் தொடுவதே இல்லை. அது முழு வாக்கியத்தையும் இந்த நிமிடத்தோடு கட்டுகிறது: "இப்போதைய நிலவரம் இது." எனவே இரண்டாவது வரி சொல்வது, இருமல் கணக்கு இன்றைய தேதியில் மூன்று நாளில் வந்து நிற்கிறது என்று. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோ மீட்டரைப் பார்த்துத் தொகையைச் சொல்வதைப் போல. தமிழில் முதலாவது "மூன்று நாள் இருமினார்", இரண்டாவது "மூன்று நாளாக இருமுகிறார்". நாம் அந்த வேறுபாட்டை "ஆக" என்பதிலும் வினையின் காலத்திலும் வைக்கிறோம், அவர்கள் வாக்கியத்தின் வாலில் வைக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நீட்டிப் பார்:

```
他咳嗽了三天才好。
他咳嗽了三天了，还没好。
```

才好 என்றால் "அப்புறம்தான் குணமானது". 还没好 என்றால் "இன்னும் குணமாகவில்லை". முதல் வாலை இரண்டாவது வாக்கியத்தில் ஒட்டினால் சீனர்களின் காதுக்கு உறுத்தும், ஏனென்றால் ஒரே மூச்சில் கணக்கு ஓடுகிறது என்றும் முடிந்தது என்றும் சொல்கிறாய்.

விடைத்தாளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் வரிக்கு "இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த வரி மூன்று நாள் இருமலோடு நிறுத்திக்கொள்கிறது, இன்றைய நிலையைப் பற்றி மௌனம். "மூன்று நாள் இருமினார், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்" என்ற கதையிலும் அதே வரி வரும், அந்த ஆள் இருமிக்கொண்டேகூட வந்திருக்கலாம். வார்டில் நோயாளி இப்படிச் சொன்னால் 现在还咳吗, "இப்போதும் இருமல் இருக்கிறதா" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுவிடு.

மாடிப்படி:

சரி, அக்கா, கடைசி 了 பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வினையை ஒட்டிய 了 இறந்தகாலம்தானே? 没 வந்தால் 了 வராது என்பதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

பேர்ல் நதிக்கரை:

தம்பி, இதைப் பார்:

```
我明天下了班就来。
```

"நாளைக்கு வேலை முடித்துவிட்டு வருகிறேன்." நாளை நடக்கப் போவதற்கு 了 எப்படி வந்தது? வேலை முடிவது வருவதற்கு முந்தியது, அவ்வளவுதான் அது காட்டுகிறது. தமிழிலும் "முடித்துவிட்டு" என்ற எச்சம் பார்வைக்கு இறந்தகாலம், ஆனால் நாளையைப் பற்றிப் பேச நமக்குத் தடையில்லை. மறுபக்கம், "நேற்று வேலை அதிகம்" என்பது 昨天很忙 தான், 了 கிடையாது. நேற்றைய நாள் முழுக்க அப்படி இருந்தது, முடிந்த செயல் என்று எதுவும் இல்லை. 昨天 என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது.

没 விஷயத்தில் நீ பாதி சரி. "மருந்து சாப்பிடவில்லை" 我没吃药, 了 வராது. நடக்காத செயலை முடிந்ததாக வெட்ட முடியாதல்லவா. ஆனால் வார்டில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது:

```
我三天没大便了。
```

மூன்று நாளாக மலம் கழியவில்லை. இங்கே 了 வந்திருக்கிறது, ஏனென்றால் இது வாக்கியத்தின் 了, வினையின் 了 இல்லை. மலச்சிக்கல் இன்றுவரை நீடிக்கிறது என்பதே செய்தி. "没 வந்தால் 了 போகும்" என்ற விதி வினையை ஒட்டியதற்கு மட்டும்.

着-யும் 在-யும் ஒன்றல்ல. 在穿白大褂 என்றால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார், கை இன்னும் சட்டைக்கைக்குள் போகவில்லை. 穿着白大褂 என்றால் போட்டிருக்கிறார். "கொண்டிரு" முன்னதற்குப் பொருந்தும், பின்னதற்கு வெறும் "இரு" தான்.

மூன்றாமாண்டு மாணவி:

அக்கா, இப்போது தெளிவாகிறது. 在 போட்டால் எத்தனை நாள் என்ற கணக்கு போய்விடும் என்பதும் புரிகிறது. காய்ச்சலுக்கு இதே அச்சில் 他发烧了三天了 என்று எழுதினேன், பக்கத்து அறைச் சீனத் தோழி முகம் சுளித்தாள், காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தாளில் 他来了三天了 என்றும் இருக்கிறது. மூன்று நாளாக வந்துகொண்டே இருக்கிறாரா?

பேர்ல் நதிக்கரை:

发烧 இரண்டாகப் பிரியும் சொல். 发 வினை, 烧 அதன் செயப்படுபொருள். எனவே 了-வும் நாள் கணக்கும் நடுவே போகும்: 发了三天烧了. பேச்சில் அதைவிட அதிகம் கேட்பது 发烧三天了, வினையின் 了-வையே விட்டுவிடுவார்கள். கடைசி 了 இருக்கும்வரை காய்ச்சலும் இருக்கிறது.

来 விஷயம் வேறு. வருவது ஒரு நொடியில் முடிகிற செயல், மூன்று நாள் நீட்ட முடியாது. அதனால் கணக்கு வந்த நொடியிலிருந்து ஓடுகிறது: வந்து மூன்று நாளாகிறது. 他死了三年了 என்பதும் அப்படியே, இறந்து மூன்று வருடம் ஆகிறது. வினை நீளக்கூடியதா, நொடியில் முடிவதா என்று முதலில் பார்.

விவரம் கேட்கும்போது உனக்கு 过-வும் வேண்டும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 他得了肺炎 என்றால் நிமோனியா வந்திருக்கிறது, பெரும்பாலும் இப்போதும் இருக்கிறது. 他得过肺炎 என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது. பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள் பற்றிக் கேட்கும்போது 过 போடு: 您做过手术吗. பெரியவர்களிடம் 你 வேண்டாம், 您 சொல்.

ஈப்போக்காரன்:

அப்படியானால் 吃过药了吗? இதில் 过-வும் 了-வும் சேர்ந்தே வருகின்றனவே. "எப்போதாவது மருந்து சாப்பிட்டதுண்டா" என்றா கேட்கிறார்கள்?

பேர்ல் நதிக்கரை:

இல்லை, அது வேறு 过. "இந்த வேளை மருந்தைச் சாப்பிட்டு முடித்தாயிற்றா" என்று கேட்பது. 吃药了吗 என்று கேட்பதற்கும் இதற்கும் எனக்குத் தெரிகிற வேறுபாடு, 过 போட்டால் சாப்பிட வேண்டிய மருந்து ஒன்று இருப்பது இருவருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதுதான்.

ஈப்போக்காரன்:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் சீன மாமியார் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்.

மாடிப்படி:

மாமியார் ஈப்போவா, பெய்ஜிங்கா?

மூன்றாமாண்டு மாணவி:

வரும் திங்கள்கிழமை வார்டில் ஒரு செவிலியர் அக்கா எங்களோடு வருகிறார், ஷாண்டாங்காரர். இந்த இரண்டையும் அவரிடம் சொல்லிக் காட்டி, எதை எப்போது சொல்வார் என்று கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.