உதவி: அம்மாவால் புது டச் போனில் அழைப்பை எடுக்க முடியவில்லை, எவ்வளவு சொல்லியும் புரியவில்லை

கரைவேட்டி
அவசரம். அம்மாவுக்கு முதல் முறையாக ஸ்மார்ட்போன். நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. எப்படி எடுப்பது என்று விவரமாக எழுதி அனுப்பிவிட்டேன், போனிலும் சொன்னேன். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "சரிப்பா" என்கிறார்கள். அடுத்த தடவையும் எடுப்பதில்லை. நான் நேரில் போக இன்னும் நாளாகும். என்ன செய்யலாம்?

நூல்கண்டு
என்ன போன்? ஆண்ட்ராய்டா ஐபோனா? மணி அடிப்பது அவர்களுக்குக் கேட்கிறதா? மேலிருந்து இழுத்தால் வரும் பட்டையில் தெரியாமல் எதையாவது தட்டிவிடுவார்கள். என் மாமனார் இப்படித்தான் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு, யாருமே கூப்பிடுவதில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். முதலில் அதைப் பாருங்கள்.

கரைவேட்டி
ஆண்ட்ராய்டு. மணி கேட்கிறது. பச்சையைத்தான் அமுக்குகிறேன் என்கிறார்கள்.

டிங்கர்
கண்ணாடி மேல் ஒட்டியிருக்கும் ஸ்கிரீன் கார்டைக் கழற்றுங்கள். வயதானவர்களின் விரல் காய்ந்திருக்கும், அதோடு தடிமனான கார்டும் சேர்ந்தால் தொடுவது பதியாது. நான் பார்த்தவற்றில் பாதி இதுதான்.

மூத்த உறுப்பினர் 7
ஐந்து வயதுக் குழந்தை செய்கிற காரியம் இது. பச்சையை மேலே ஸ்வைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஓர் இழையா? பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வார்டு நர்ஸ்
கரைவேட்டி தம்பி, நீங்கள் அனுப்பிய செய்தியை அப்படியே இங்கே போடுங்கள். அவர்கள் அதை வாசித்த விதம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

டிங்கர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதே போனில் எண்களை அமுக்கி அவர்களால் உங்களைக் கூப்பிட முடிகிறதா? முடிகிறது என்றால் விரலும் கண்ணாடியும் ஓரளவு சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கரைவேட்டி
கூப்பிட முடிகிறது. அனுப்பியது இது:

"கால் வந்ததும் ஸ்கிரீனில் ஆன்சர் ஐகான் வரும், லாக் ஆகியிருந்தால் அதை மேலே ஸ்வைப் பண்ணவும், அன்லாக் ஆகியிருந்தால் மேலே வரும் நோட்டிபிகேஷனில் ஆன்சரைத் தட்டவும், மிஸ் ஆகிவிட்டால் டயலரில் ரீசன்ட்ஸ் போய்த் திருப்பிக் கூப்பிடவும்."

வார்டு நர்ஸ்
இதில் மூன்று வேலைகள் ஒரே மூச்சில் வருகின்றன. அவர்களுக்கு இப்போது வேண்டியது முதல் வேலை மட்டும். அதிலும் "மேலே" என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. ஓரிடத்தில் மேல்நோக்கித் தள்ளு, இன்னோரிடத்தில் திரையின் மேல் பகுதி. அவர்கள் பச்சையைத் தொட்டுவிட்டு, பிறகு திரையின் மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டால் "நீ சொன்னபடிதான் செய்தேன்" என்பார்கள். அது உண்மையும்கூட.

இன்னொன்று. நீங்கள் உங்கள் போனில் பார்க்கும்போது திரை திறந்திருக்கும். அப்போது சின்னப் பட்டையாக வரும், தட்டினால் போதும். அவர்கள் போன் மேசையில் பூட்டிக் கிடக்கும். அப்போது பல ஆண்ட்ராய்டு போன்களில் தட்டினால் எடுக்காது, தேய்க்கத்தான் வேண்டும். ஐபோனிலும் இந்த வித்தியாசம் உண்டு. அதனால் நீங்கள் சொல்வதும் அவர்கள் பார்ப்பதும் வேறு வேறு திரைகள்.

நூல்கண்டு
ஓ, பூட்டியிருந்தால் வேறா! நானும் இதைக் கவனித்ததில்லை.

டிங்கர்
அப்படியானால் தேய்ப்பதையே ஒழித்துவிடலாம். சாம்சங் என்றால் Accessibility, அதில் Interaction and dexterity, அதில் Answering and ending calls. Press Volume up to answer என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் எடுத்துவிடும். பாடம் நடத்தவே வேண்டாம்.

மூத்த உறுப்பினர் 7
அந்தப் பொத்தானைச் சத்தம் கூட்ட நினைத்து அமுக்கினாலும் கால் எடுத்துவிடும். தெரியாத எண்ணும் அதில் அடக்கம். குறுக்கு வழி காட்டினால் கடைசி வரை கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

டிங்கர்
பட்டன் போன் வாங்கச் சொன்னவர் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார். கை நடுக்கம் உள்ளவருக்கு இழுப்பது கஷ்டம். அவர்களுக்குத்தானே இந்த வசதியே வைத்திருக்கிறார்கள்?

மூத்த உறுப்பினர் 7
நடுக்கம் என்று இழை தொடங்கியவர் சொல்லவே இல்லை. நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

வார்டு நர்ஸ்
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நடுக்கம் இருந்தால் அந்த வசதி நல்லதுதான். ஆனால் அதை இங்கிருந்தபடி ஆன் செய்ய வைப்பது, அழைப்பை எடுக்கச் சொல்லித் தருவதைவிடக் கஷ்டம்.

தம்பி, வீட்டில் வேறு போன் ஏதாவது இருக்கிறதா?

கரைவேட்டி
அப்பாவிடம் பட்டன் போன் இருக்கிறது.

வார்டு நர்ஸ்
அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! காதில் வைத்திருக்கும் போனிலேயே அதை எடுப்பதற்குப் பழக முடியாது. திரையும் கண்ணுக்குத் தெரியாது.

அப்பா போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். அம்மா போனைப் பூட்டி மேசையில் வைக்கட்டும். உங்களிடம் இன்னொரு எண் இருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து, அம்மாவைக் கூப்பிடுங்கள். மணி அடிக்கும்போது எதையும் தொடச் சொல்லாதீர்கள். "திரையில என்னம்மா தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். பச்சை வட்டம் என்றால் நீங்களும் வட்டம் என்று சொல்லுங்கள். போன் படம் என்றால் போன் படம். அவர்கள் வாயில் வருகிற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக. "வட்டத்து மேல விரல வைங்க." நிறுத்துங்கள். "வச்சிட்டேன்" என்று வந்த பிறகுதான் அடுத்தது. "விரலத் தூக்காம, மேல் ஓரம் வரைக்கும் தேய்ச்சிக்கிட்டே போங்க." இதற்குள் மணி நின்றுவிட்டால் பரவாயில்லை, திரும்பக் கூப்பிடுங்கள்.

"புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். பிள்ளை வருத்தப்படக் கூடாது என்று யாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். எங்கள் வார்டில் மாத்திரை கொடுத்த பிறகும் அப்படிக் கேட்க மாட்டோம். "நான் தெளிவா சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போய் இத எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்போம். இரவுக்கானதைக் காலையில் சாப்பிடப் போகிறார் என்பது அப்போதுதான் தெரியும். அதே மாதிரி அம்மாவிடம், "அப்பாவுக்கு இத எப்படிச் சொல்லித் தருவீங்க, சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்று விடுங்கள். பரீட்சை மாதிரி இருக்காது. அவர்கள் எந்தப் படியை விடுகிறார்களோ அதை மட்டும் திரும்பச் சொன்னால் போதும்.

நூல்கண்டு
எழுதி அனுப்புவதானால் வாட்ஸாப்பில் வேண்டாம். அழைப்பு வந்தால் அந்தச் செய்தியே மறைந்துவிடும், எப்படிப் பார்த்துச் செய்வார்கள்? அப்பாவைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டே வரி.

டிங்கர்
ஸ்கிரீன் கார்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டேன்.

கரைவேட்டி
எடுத்துவிட்டார்கள்! வட்டத்தைத் தொட்டு, விரலைத் தூக்கி, பிறகு மேல் ஓரத்தைத் தொட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்லிக் காட்டும்போது தெரிந்தது. சில சமயம் தேய்த்தாலும் பாதியில் வட்டம் திரும்பிப் போய்விடுகிறது, அது ஏன் என்று தெரியவில்லை. நன்றி.

வார்டு நர்ஸ்
மகிழ்ச்சி. விரல் நடுவில் எழும்பினாலோ தேய்க்கும் தூரம் போதவில்லை என்றாலோ அப்படித் திரும்பும், கார்டாகவும் இருக்கலாம். நாளைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். அதில் எடுத்தால்தான் கணக்கு.

டிங்கர்
பார்த்தீர்களா, கார்டு.

நூல்கண்டு
கரைவேட்டி, சொல்லாமல் கூப்பிட்டீர்களா? எடுத்தார்களா?