சம்பளப் பட்டியல் வேறு ஆளுக்குப் போயிடுச்சு, பதற்றப்படுத்தாம எப்படி அழிக்கச் சொல்றது?

எச்ஆர்_பவித்ரா: 42 பேரோட சம்பள எக்செல் எங்க ஃபைனான்ஸ்ல ஒருத்தருக்குப் போகணும். முகவரி தட்டும்போது அதே பேருள்ள ஒரு வெண்டரோட ஐடி தானா வந்து உட்கார்ந்துடுச்சு, அனுப்பிட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு, பதில் ஒண்ணும் இல்லை. என்ன எழுதறது?

நெடுஞ்செழியன்: அவுட்லுக்னா Recall கொடுங்க, வேலை முடிஞ்சுது. கூடவே "இது ரகசியத் தகவல், மீறினால் சட்ட நடவடிக்கை" என்று சிவப்பு எழுத்தில் ஒரு மெயில்.

மடல்காரன்: நெடு சார், ஒரே நிறுவனத்துக்குள்ளன்னா Recall-க்கு வாய்ப்பு உண்டு. வெளி மெயில்பெட்டியில் இருக்கிறதை அது தொடவே தொடாது. அதுக்குப் பதிலா "இவர் அந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்"னு இன்னொரு மெயில் போய் நிற்கலாம். இதுவரை கவனிக்காதவரும் அதுக்கப்புறம் திறந்து பார்ப்பார். ஜிமெயிலோட Undo-வும் அதிகபட்சம் 30 விநாடிதான், அது எப்பவோ போச்சு.

சட்ட மிரட்டலும் அதே கதைதான். அவர் ஒரு தப்பும் செய்யலை. மிரட்டினா பதிலே போடாம அவங்க வக்கீல்கிட்ட போவார்.

குயில்தோப்பு: தெரியாத மெயில் வந்தா திறக்காதீங்க, அனுப்பினவருக்குச் சொல்லிட்டு டெலிட் பண்ணுங்க மேடம். இதுல என்ன குழப்பம்?

எச்ஆர்_பவித்ரா: அனுப்பினதே நான்தாங்க!

மடல்காரன்: பவித்ரா, முதல்ல உங்க தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கோ மேலாளருக்கோ ஒரு வரி சொல்லிடுங்க. இது 42 பேரோட விவரம். சில நாட்டுச் சட்டங்கள்ல புகாரளிக்கக் கெடு உண்டு, ஐரோப்பிய ஜிடிபிஆர்ல 72 மணி நேரம். புகாரளிக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது அவங்க வேலை.

அப்புறம் புது மெயில் திறங்க. பழைய மெயிலுக்குக் கீழேயே பதில் எழுதாதீங்க, உள்ளே இருக்கிற எழுத்தெல்லாம் மறுபடி ஒருமுறை அவருக்குப் போகும். தலைப்புல "அவசரம்", "ரகசியம்", "சம்பளம்" எதுவும் வேண்டாம், அது பூட்டிய போன் திரையிலும் தெரியும். "இன்று 10.40 மெயில் குறித்து" போதும். உள்ளே இப்படி:

> வணக்கம் சார். இன்று காலை 10.40-க்கு என்னிடமிருந்து எக்செல் ஃபைலுடன் ஒரு மெயில் வந்திருக்கும். அது எங்கள் அலுவலகத்தில் உங்கள் பெயருள்ள இன்னொருவருக்கானது, முகவரியை நான் தவறாகத் தேர்ந்துவிட்டேன். தயவுசெய்து அதை அழித்து, Trash-லிருந்தும் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே திறந்திருந்தாலும் டவுன்லோடு ஆகியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காப்பியையும் நீக்கினால் போதும். முடிந்ததும் "அழித்துவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

Trash பற்றிச் சொல்ல வேண்டியிருக்கு, ஜிமெயில்ல அழிச்சது 30 நாள் அங்கேயே கிடக்கும். "திருப்பி அனுப்புங்க"ன்னு மட்டும் கேட்காதீங்க, அவரோட Sent-ல இன்னொரு காப்பி உருவாகும்.

நெடுஞ்செழியன்: Recall விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனால் "பரவாயில்லை" ஆபத்தான வார்த்தை. நாளைக்கு "நீங்கதான் பரவாயில்லைன்னு எழுதினீங்க" என்பார். யாருக்கும் பகிரக்கூடாது என்பதே உங்கள் மெயிலில் இல்லையே?

மடல்காரன்: நல்ல பிடி. "இதை யாருக்கும் அனுப்பாமலும் சொல்லாமலும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்"னு ஒரு வரி சேர்த்துக்கலாம், "நீக்கினால் போதும்" என்கிறதுக்கு அடுத்து. ஆனா "பரவாயில்லை"யை எடுக்க மாட்டேன். அதை எடுத்தா, திறந்தவர் திறக்கலைன்னு சொல்லிடுவார். டவுன்லோடு ஃபோல்டர்ல ஒரு காப்பி இருக்குன்னு நமக்குத் தெரியாமலே போகும்.

தேன்மொழி_7: எனக்கும் இதே மாதிரி, ஆனா ஃபைல் இல்ல, டிரைவ் லிங்க் அனுப்பிட்டேன். நானும் கெஞ்சணுமா?

மடல்காரன்: லிங்க்னா முதல்ல அனுமதியை நிறுத்துங்க. "லிங்க் இருக்கிற எவரும் பார்க்கலாம்"னு இருந்தா அதை மூடுங்க. அவர் டவுன்லோடு பண்ணியிருந்தா இது உதவாது, அதனால மெயிலும் எழுதுங்க.

எச்ஆர்_பவித்ரா: அனுப்பிட்டேன். பதில் வரலைன்னா? போன் பண்ணலாமா?

மடல்காரன்: ஒரு மணி நேரம் பாருங்க. அதுக்கப்புறம் ஒரு போன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். "மெயில் பார்த்தீங்களா சார்?"னு ஆரம்பிங்க, உள்ளே என்ன இருந்ததுன்னு நீங்களே வாயைத் திறக்காதீங்க. இன்னொண்ணு, அவரே அழிச்சாலும் அவங்க நிறுவன சர்வரோட பேக்கப்ல ஒரு பிரதி தங்கலாம். அதையும் அழிக்கச் சொல்லி அவங்க ஐடி டீமுக்கு எழுதறது அவசியம்னு சிலர் சொல்வாங்க.

நெடுஞ்செழியன்: அவசியம்தான். சம்பளப் பட்டியல் ஆச்சே.

மடல்காரன்: எழுதினா இன்னும் நாலு பேருக்கு விஷயம் தெரியும் சார். எனக்கு உடன்பாடில்லை. உங்க பாதுகாப்புப் பொறுப்பாளர் எழுதச் சொன்னா மட்டும் எழுதுங்க, பவித்ரா.