ரீப்ரின்ட்டுக்கு ஒரே சொல் போதுமா?

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். சேகரிக்கிற போகிமான் கார்டோட போட்டோவ பாத்து அது எந்த அச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு குறிப்பு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். ரீப்ரின்ட்னு வர்ற இடத்துல எல்லாம் மறுபதிப்புன்னு போட்டுட்டே போயிட்டேன், இப்ப திரும்பப் படிச்சா எனக்கே குழப்பமா இருக்கு. முதல் செட்டோட சாரிசார்டு கார்டையே எடுத்துக்கோங்க. 1999ல வந்ததுல 4/102னு நம்பர் இருக்கும், 2021ல 25ஆவது வருஷத்துக்காக திரும்ப விட்டதுலயும் அதே நம்பர்தான். இது பத்தாதுன்னு கள்ளத்தனமா அடிச்சு விக்கிறவங்களும் அதுக்கு ரீப்ரின்ட்னுதான் பேர் வைக்கிறாங்க. இந்த ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

முருகேசன்:
நான் அச்சகத்துல வேலை பாத்தவன்மா. எதையும் மாத்தாம திரும்ப ஓட்டினா மறுஅச்சு, திருத்தி புதுசா கோத்து அடிச்சா மறுபதிப்பு. இந்த ரெண்டையும் கலக்கவே கூடாது. கள்ளத்தனமா அடிச்சதுக்கு கள்ளஅச்சுன்னே போடு, கள்ளநோட்டுன்னா எல்லாருக்கும் புரியுதில்ல?

தினேஷ்:
இவ்ளோ எதுக்குங்க? படத்தோட சட்டத்துக்கு வலது ஓரத்துல நிழல் இல்லன்னா ஒரிஜினல், இருந்தா ரீப்ரின்ட். நிழலிலி, நிழலி, ரெண்டே சொல்லு, முடிஞ்சுது.

ரேவதி:
தினேஷ் தம்பி, நீங்க சொன்னதுல பாதி சரி. நிழல் இல்லாதது முந்துன அச்சு, அது சரிதான், ஆனா நிழல் இருக்கறதும் அதே கம்பெனி அதே முதல் செட்டுக்கு அடிச்சதுதான், அத போய் ரீப்ரின்ட்னு ஒதுக்கினா நல்ல கார்டு வெச்சிருக்கறவங்க பயந்துருவாங்க. இன்னொண்ணு, போட்டோல நிழல மட்டும் நம்பாதீங்க. கார்ட போட்டு வெச்சிருக்கற உறையோட ஓரமே நிழல் மாதிரி விழும், வெளிச்சம் பட்டு பளபளத்தா இருக்கற நிழலும் காணாம போயிரும். கீழ இருக்கற காப்புரிமை வரிய பெருசாக்கி பாருங்க. நிழலிலியில 1995, 96, 98, 99னு நாலு வருஷம் வரிசையா இருக்கும், நிழல் வந்த அச்சுல அந்த வரிசை 98ஓட நின்னுரும். வரிக் கடைசில தனியா ஒரு 1999 ரெண்டுலயும் உண்டு, அத இதோட சேத்து எண்ணிடாதீங்க.

போன வாரம் எனக்கு ஒரு சாரிசார்டு போட்டோ வந்துச்சு, படத்துக்கு கீழ இடது பக்கம் முதல் பதிப்பு முத்திரை கறுப்பா பளிச்சுன்னு இருந்துச்சு, ஆனா வலது ஓரத்துல நிழல், வருஷ வரிசைலயும் 99 இல்ல. முதல் செட்டுல முத்திரையோட வந்த இங்கிலீஷ் சாரிசார்டு எல்லாமே நிழலிலிதான், அதனால இது ரெண்டும் ஒரே கார்டுல வரவே வராது. என் கணிப்பு, கார்டு நிஜம், முத்திரை மட்டும் பின்னாடி யாரோ குத்தினது. இதுக்கு கள்ளஅச்சுன்னு சொன்னா தப்பாயிரும் இல்லையா ஐயா?

ஜெயந்தி:
அய்யோ அக்கா, எங்கிட்ட இருக்கற மச்சாம்ப் கார்டுல முத்திரையும் இருக்கு நிழலும் இருக்கு! அப்ப அதுவும் யாரோ குத்தினதா? சின்ன வயசுல பெட்டிய பிரிச்சு நானே எடுத்தது அது.

ரேவதி:
பதறாதம்மா, அந்த ஒண்ணுதான் விதிவிலக்கு. மச்சாம்ப் ரெண்டு பேர் ஆடுற ஆரம்பப் பெட்டியோட வந்த கார்டு, நிழல் வந்த பிறகும் அதுல முத்திரைய எடுக்காம அப்படியே அடிச்சாங்க. நீயே பெட்டிலருந்து எடுத்ததுன்னா சந்தேகமே வேணாம்.

கயல்:
அப்ப இப்படி வெச்சுக்கறேன். 1999ல நிழலோட வந்தது மறுஅச்சு. 2021ல வந்தது மறுவெளியீடு, அதுல 25ங்கற சின்னம் இருக்கறதால போட்டோலயே மாட்டிக்கும். கள்ளமா அடிச்சது கள்ளஅச்சு, முத்திரை மட்டும் பொய்யா இருந்தா கள்ளமுத்திரை.

முருகேசன்:
கள்ளமுத்திரை நல்லாருக்கு. ஆனா நிழலோட வந்தத மறுஅச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன், நிழல சேத்து வருஷத்த எடுத்திருக்காங்களே, அது திருத்தம் இல்லாம வேற என்ன? கள்ளஅச்சுன்னு எத வெச்சு முடிவு பண்ணுவீங்க, அதையும் சொல்லுங்க.

ரேவதி:
அது போட்டோல பாதிதான் தெரியும் ஐயா. 1999 சாரிசார்டுல மினுக்குத் தாள் படத்துக்குள்ள மட்டும்தான் இருக்கும், கார்டு பூரா மினுக்குச்சுன்னா அங்கயே தள்ளிரலாம். மத்தபடி கார்டு கைல வேணும். லூப்ங்கற சின்ன பூதக்கண்ணாடி வெச்சு எழுத்த பாத்தா நிஜ கார்டுல கறுப்பு எழுத்து கெட்டியா ஓரம் வெட்டுன மாதிரி நிக்கும். ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்தே கலர் கலரா புள்ளி புள்ளியா உடையும். போன் கேமரா அந்தப் புள்ளிய எல்லாம் மழுப்பிரும், அதனால போட்டோவ மட்டும் பாத்து "ஒரிஜினல்தான்"னு நான் யாருக்கும் எழுதித் தர்றதில்ல.

தினேஷ்:
நிழலிலிய மட்டும் விட்டுறாதீங்க, அது என் சொல்லு 🙂

கயல்:
நிழலிலி உறுதி. நிழலோட வந்ததுக்கு மறுஅச்சா, இரண்டாம் அச்சான்னு இன்னும் ஓடிட்டு இருக்கு. இரண்டாம் அச்சுன்னா ஐயா சொன்ன இடிப்பு வராது, ஆனா அதுக்கும் அப்புறம் காப்புரிமை வரில 1999-2000ன்னு வருஷம் போட்டு வந்த அச்சு ஒண்ணு இருக்கே, அத எண்ணிக்கைல எத்தனாவதுன்னு சொல்றது? வேற சொல்லு தோணுனா யாராவது எழுதுங்க.