ஃபேக்டர் ஊசி பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்: உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம். ஹீமோஃபிலியா கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். 14 வயதுப் பையன், 50 கிலோ, ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆறு மாதத்தில் மூன்று முறை அதே வலது கணுக்காலில் ரத்தம் கசிந்திருக்கிறது. வீட்டிலேயே ஊசி போட அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். ஆனாலும் வீக்கம் தெரிந்த பிறகுதான் போடுகிறார்கள். அதனால் இப்படி எழுதியிருக்கிறேன்:

"அம்மா, அப்பா, வீக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் குறுகுறுப்பு, லேசான சூடு, இறுக்கம் என்று தம்பி சொன்னதுமே போட்டுவிடுங்கள். கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ஃபேக்டர் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். தம்பிக்கு 1000 யூனிட் என்றால் ஏறக்குறைய 40. சுமார் 12 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். அதனால் தடுப்பு ஊசியை விளையாடப் போகும் நாளில் காலையிலேயே போடுங்கள். மூட்டில் தேங்கும் ரத்தத்தின் இரும்பு உள்சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வு எளிதில் மறுபடி கசியும். பிறகு குருத்தெலும்பு தேயும், அது திரும்ப வளராது. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்."

என் கவலை வேறு. கிரிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அவன் குறுகுறுப்பையே மறைக்கிறான். பெரியவர்களுக்கு எழுதிய கடிதம் அவனிடம் போய்ச் சேராது. இந்த வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களே, உங்கள் பையன் முதல் அறிகுறியிலேயே வந்து சொல்ல எது உதவியது? அவனுக்கென்று தனியாக இரண்டு வரி சேர்க்கணும், என்ன எழுதலாம்?