பிழை விட்டால் சபை முழுக்கக் கவனிக்குமா?

பூவரசு: அடுத்த கிழமை வளாகத்தில முப்பது பேருக்கு முன்னால செமினார் செய்யவேணும். கதைக்கேக்க கை நடுங்கும், இடையில சொல்லும் தடக்கும். மற்றவை நாங்கள் நினைக்கிற அளவுக்கு எங்களைக் கவனிக்கிறேல்லை, அதுக்கு ஸ்பொட்லைட் விளைவு எண்டு பேர் எண்டு சொல்லுகினம். யாழ்ப்பாணத்தில அது சரிவருமோ?

பனங்காய்: வராது. அது ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஊருக்குச் சரி. இஞ்ச கலியாண வீட்டுக்குப் போன வருசத்துச் சாறியோட போனால் பந்தியில இருக்கேக்கயே அந்தக் கதை வந்திடும். ஆராய்ச்சி செய்த ஆக்கள் ஒருக்கா நல்லூர்த் திருவிழாவில வந்து நிண்டு பாக்கட்டும். ஒருத்தரும் கவனிக்கமாட்டினம் எண்டு பிள்ளையளை ஏமாத்தாதேங்கோ.

மணல்வீதி: ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் செய்து 2000இல் வெளியிட்டது அது. ஒரு மாணவருக்கு பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் போட்ட ரீசேட்டைக் கொடுத்தார்கள். அந்த வயதுப் பெடியளுக்கு அதைப் போட வெட்கம். மற்ற மாணவர்கள் ஏற்கெனவே இருந்து படிவம் நிரப்பும் அறைக்குள் அவரை அனுப்பி, கொஞ்ச நேரத்திலேயே வெளியே கூப்பிட்டு, "உம்முடைய ரீசேட்டில் யார் என்று எத்தனை பேர் சொல்லுவினம்?" என்று கேட்டார்கள். போட்டவர்கள் சராசரியாக 46 வீதம் என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் 23 வீதம்தான்.

ஆக, கிட்டத்தட்ட நாலில் ஒருவர் கண்டிருக்கிறார். பனங்காய் சொல்லுகிற பந்திக் கதையை அந்த ஆய்வு மறுக்கவில்லை. போட்டவர் இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டார் என்பதுதான் அதில் உள்ள விசயம். அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்த வேறு ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, அவர்களின் ஊகம் உண்மைக்குக் கிட்டவே வந்தது. ரீசேட் தன் உடம்பில் இருந்தவருக்குத்தான் கணக்குப் பிசகியது.

பனங்காய்: அங்க ஒரு நிமிசம் எட்டிப் பாத்திட்டுப் போற ஆளை ஆர் கவனிப்பினம்? செமினாரில இருபது நிமிசம் எல்லாக் கண்ணும் இந்தப் பிள்ளையிலதான். இரண்டையும் ஒண்டாக்க ஏலாது.

மணல்வீதி: அது நியாயமான எதிர்ப்பு. 46ஐயும் 23ஐயும் தூக்கி செமினாருக்குப் பொருத்தக்கூடாது. அங்கே உங்களைப் பார்ப்பார்கள். ஆனால் உங்களுக்குள் நடப்பதை எவ்வளவு பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கை நடுங்கும்போது உங்களுக்கு அது விரலில் தெரிகிறது, நெஞ்சு அடிப்பதும் கேட்கிறது. மற்றவர்களின் கணக்கை ஊகிக்கும்போது அங்கிருந்துதான் தொடங்குகிறீர்கள். "அவைக்கு இவ்வளவு தெரியாதுதான்" என்று கொஞ்சம் குறைப்பீர்கள், ஆனால் போதிய அளவு குறைக்க முதலே நின்றுவிடுவீர்கள். ரீசேட் ஆய்விலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் போட்டிருந்து பழகிய பிறகு அறைக்குள் போனவர்கள் குறைவாக ஊகித்தார்கள். ரீசேட் அதேதான், அது தந்த உறுத்தல் குறைந்துவிட்டது.

செவ்வந்தி அக்கா: எங்கட மகளுக்குப் போன கிழமை கண்ணாடி போட்டது. பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுகிறாள். ஒருத்தரும் கவனிக்காயினம் எண்டு நானும் சொல்லிப் பாத்திட்டன், கேக்கிறாள் இல்லை. இது அதுதானே?

மணல்வீதி: முழுக்க அது இல்லை, அக்கா. புதுக் கண்ணாடியை வகுப்பில் இருக்கிறவர்கள் கட்டாயம் காண்பார்கள். ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினால், முதல் பிள்ளை "கண்ணாடியோ!" என்று கேட்ட உடனே உங்கள் சொல் பொய்யாகிவிடும். "இரண்டு மூன்று பேர் கேட்பினம், கண் மங்கலாத் தெரிஞ்சது எண்டு சொல்லு" என்று பதிலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சனி, ஞாயிறு வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டுத் திரியட்டும். அவளுக்கே அது பழகிவிட்டால் திங்கட்கிழமை உறுத்தல் குறையும்.

கிணற்றடி: மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். 2017இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக்கா பூத்பியும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு இதற்கு நேர் எதிர் மாதிரித் தெரியும். நாங்கள் மற்றவர்களைக் கவனிக்கிற அளவுக்கு அவர்கள் எங்களைக் கவனிப்பதில்லை என்று சாதாரண நேரத்தில் நினைக்கிறோம். அதுவும் பிழை, உண்மையில் எங்களையும் பார்க்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆளை நீங்கள் ஓரக்கண்ணால் பார்க்கிறபோது அவரும் உங்களைப் பார்த்து முடித்திருப்பார்.

என்னைக் கேட்டால் இரண்டும் முரண் இல்லை. சனம் பார்க்கும், ஆனால் நீங்கள் கவலைப்படுகிற அந்த ஒரு இடத்தைத்தான் பார்க்கும் என்று நினைப்பது பிழை. நீங்கள் கறையை மறைத்துக்கொண்டு நிற்பீர்கள், அவர்கள் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பனங்காய்: பாத்தீங்களே, கவனிக்கினம் எண்டு ஆராய்ச்சியும் சொல்லுது.

பூவரசு: சரி, இப்ப நான் என்ன செய்யிறது?

மணல்வீதி: முதலில் உண்மையான அளவைப் பாருங்கள். போனை மூன்று மீற்றர் தள்ளி, இரண்டாம் வரிசைக் கதிரை உயரத்தில் வையுங்கள். கையும் முகமும் விழவேண்டும். ஐந்து நிமிடம் கதையுங்கள். வீடியோவைப் பார்க்க முதல், எத்தனை இடத்தில் தடக்கினீர்கள், கை நடுக்கம் நூற்றுக்கு எவ்வளவு தெரியும் என்று எழுதிவையுங்கள். எழுதாமல் பார்த்தால் "நான் நினைச்ச மாதிரித்தான்" என்று மனம் பின்னால் சமாளித்துவிடும். பிறகு முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிறமாதிரிப் பாருங்கள். அந்த நேரம் எப்படி இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் வீடியோவில் இல்லாத நடுக்கமும் தெரியும்.

நடுக்கம் வீடியோவில் உண்மையாகவே தெரிந்தால் மனதைத் தேற்றி என்ன பயன், கையில் இருப்பதை மாற்றுங்கள். ஒற்றைத் தாளின் நுனி சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும், அதனால் குறிப்பைத் தடித்த மட்டையில் எழுதி மேசையில் வையுங்கள். லேசர் பொயின்ரர் அதைவிட மோசம், விரலில் ஒரு மயிரிழை அசைந்தாலும் திரையில் புள்ளி கூத்தாடும். கணினியின் அம்புக்குறியைப் பாவியுங்கள். மைக்கை இறுக்கிப் பிடித்து நடுக்கத்தை அடக்கப் பார்க்கவேண்டாம், இறுக்க இறுக்கக் கை இன்னும் கூடுதலாக நடுங்கும். வியர்வையை மறைக்கக் கோட் போடுவதும் அப்படித்தான், வியர்வை கூடும்.

கிணற்றடி: 2003இல் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் செய்த பேச்சு ஆய்வையும் சேருங்கோ. "பதற்றப்படாதையுங்கோ, அது சகசம்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினவர்களுக்கு அதால் பெரிய பலன் இல்லை. உள்ளுக்குள் இருக்கிற பதற்றம் நினைக்கிற அளவுக்கு வெளியில் தெரியாது என்று காரணத்தோடு சொல்லப்பட்டவர்கள்தான் நன்றாகப் பேசினார்கள். பார்த்தவர்களும் அவர்களுக்குக் கூடுதல் புள்ளி போட்டார்கள்.

பனங்காய்: செமினார் முடிய ஆரிட்டக் கேட்டாலும் "நல்லாச் செய்தனீர்" எண்டுதான் சொல்லுவினம். முகத்துக்கு முன்னால ஆர் உண்மை சொல்லுறது?

மணல்வீதி: "என்ர கை நடுங்கினதோ?" என்று கேட்டால் அப்படித்தான் வரும். முதலில் "என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நடுக்கம் தானாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மட்டும் நேராகக் கேளுங்கள்.

பனங்காய்: ஒண்டுக்குப் பதில் இல்லை. கலியாண வீட்டில ஒராள்தான் கண்டிருப்பா. விடியிறதுக்கிடையில நாப்பது பேருக்குத் தெரியும். உங்கட 23 வீதத்தில அது இருக்கோ?

மணல்வீதி: இல்லை. அந்த அறைக்குள் கண்டவர்களை மட்டும்தான் எண்ணினார்கள். காதால் கேட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

பூவரசு: லேசரை விடுறன். கேள்வி நேரத்தில பதில் வராட்டி?

கிணற்றடி: கேள்வியைத் திரும்பச் சொல்லிப்போட்டு மூன்று செக்கன் நில்லுங்கோ. உமக்கு அது அரை நிமிசம் மாதிரி இருக்கும். வீடியோவில அந்த இடைவெளியையும் ஒருக்கா அளந்து பாரும்.